M0unt@in#47-க்கு எத்தனை பகடை மதிப்பு?

செந்தாழை

ஒரு கணக்கு எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

நான் இத்தனை நாளாக வைத்திருந்த பாஸ்வேர்டு `M0unt@in#47` என்ற அச்சில் வார்த்த ஒன்று. இதுவே அல்ல, ஆனால் இதே மாதிரி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் இருக்கிறது. மொத்தம் 11 இடம். விசைப்பலகையில் அடிக்க முடிகிற எழுத்துகளும் குறிகளும் இடைவெளியைச் சேர்த்து 95. அப்படியென்றால் 95-ஐ 11 முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 5.7 கோடி கோடி கோடி.

என்னோடு வேலை செய்பவர் இதை மாற்றச் சொல்கிறார். 7776 சொற்கள் உள்ள ஒரு பட்டியலில் இருந்து பகடை போட்டு நான்கு சொல் எடுத்தால் இதைவிடப் பலம் என்கிறார். 7776-ஐ நான்கு முறை பெருக்கினேன், 36.6 கோடி கோடிதான் வருகிறது. என்னுடையது அதைவிட 15 லட்சம் மடங்குக்கு மேல் பெரியது. பிறகு எப்படி அவருடையது பலமாகும்? பதிவு செய்யும் பக்கத்தில் இருந்த பலம் காட்டும் பட்டையும் என்னுடையதற்குக் கடைசி வரை பச்சையாகத்தான் போனது.

கணக்குப்புலி

உங்கள் நண்பர் சொன்னது சரி, ஆனால் அவருக்காக நீங்கள் போட்ட கணக்கு தப்பு. நான்கு சொல் என்றால் இடைவெளி இல்லாமல் 25 எழுத்து வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 26 எழுத்தில் ஒன்று. 26-ஐ 25 முறை பெருக்கினால் 2-க்குப் பின்னால் 35 பூஜ்ஜியம். உங்கள் 5.7 கோடி கோடி கோடியில் 21 பூஜ்ஜியம்தான். நீளம்தான் எல்லாம். ஒரு இடம் கூடினால் 26 மடங்கு கூடும், அவ்வளவுதான் விஷயம்.

நான் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு செய்யுள் அடியை அப்படியே ஆங்கில எழுத்தில் அடிக்கிறேன். 40 எழுத்துக்கு மேல். மறக்கவும் மறக்காது.

நிழல்மரம்

இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறீர்கள். இருவருமே முடிந்து கிடக்கிற சரத்தைப் பார்த்து எண்ணுகிறீர்கள். எண்ண வேண்டியது அது அல்ல. அந்தச் சரம் எந்த வழியில் பிறந்தது, அந்த வழியில் இன்னும் எத்தனை பிறந்திருக்க முடியும் என்பதைத்தான் எண்ண வேண்டும். இந்த எண்ணிக்கையின் அளவைத்தான் என்ட்ரோபி என்பார்கள். அது பாஸ்வேர்டுக்குள் இருக்கிற பொருள் அல்ல, அதைத் தேர்ந்தெடுத்த முறைக்கு உரிய அளவு.

செந்தாழையின் அச்சையே பிரித்துப் பார்ப்போம். `mountain` என்று ஒரு சொல் மனதில் வந்தது. மனிதருக்கு இப்படிச் சட்டென்று தோன்றுகிற சொற்களைத் தாராளமாக 20,000 என்று வைப்போம். முதல் எழுத்து பெரியதா சின்னதா என்பது 2 வழி. `o`, `t`, `a`, `i` நான்கையும் எண்ணாகவோ குறியாகவோ மாற்றலாம், விடவும் செய்யலாம், அது 16 வழி. ஒரு குறி, 32-இல் ஒன்று. இரண்டு இலக்கம், 100 வழி. குறி முன்னால் வருமா இலக்கம் முன்னால் வருமா என்பது 2 வழி.

```
20000 × 2 × 16 × 32 × 100 × 2 = 4,096,000,000
```

409.6 கோடி. 5.7 கோடி கோடி கோடி எங்கே, இது எங்கே. 95-இன் அடுக்கு பொருந்த வேண்டுமானால் 11 இடத்திலும் ஒவ்வொன்றாகக் குலுக்கல் போட்டு எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுத்தால் `mountain` என்று வாசிக்கிற மாதிரி ஒன்று வரவே வராது.

பிட் கணக்கு பலருக்கு உறுத்தும் என்பதால் நான் எப்போதும் பகடையில் அளப்பேன். ஒரு பகடை 6 வழி, இரண்டு பகடை 36 வழி. 7776 என்ற எண்ணே 6-ஐ ஐந்து முறை பெருக்கியதுதான். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-இல் டைஸ்வேர் முறையை வெளியிட்டபோது ஐந்து பகடைக்கு ஒரு சொல் என்றுதான் பட்டியலை அமைத்தார். 41356 என்று விழுந்தால் அந்த எண்ணுக்கு நேரே இருக்கிற சொல்லை எடுக்க வேண்டும், வேறு யோசனை கூடாது. ஆக நான்கு சொல் என்பது 20 பகடை. கணக்குப்புலி சொன்ன 25 எழுத்து இங்கே எண்ணிக்கைக்கே வராது. சொல் நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் அதற்கு ஐந்து பகடை மதிப்புதான்.

இப்போது 409.6 கோடியைப் பகடையில் பாருங்கள். 12 பகடை 217 கோடி, 13 பகடை 1306 கோடி. உங்கள் பாஸ்வேர்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதாவது இரண்டரைச் சொல். பகடை போட்டு எடுத்த வெறும் மூன்று சின்ன எழுத்துச் சொற்களே அதைவிட 100 மடங்குக்கு மேல் பெரியது.

செந்தாழை

இரண்டரைச் சொல்லா! மூன்று முறை படித்தேன்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. நான் இந்த வழியில்தான் பாஸ்வேர்டு செய்தேன் என்று உடைக்க வருகிறவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதவரைக்கும் அவர் 95-இன் அடுக்கைத்தானே தேட வேண்டும்?

நிழல்மரம்

நியாயமான கேள்வி, நேராகவே எடுத்துக்கொள்கிறேன்.

அவருக்கு உங்கள் வழி தெரியாது என்றே வைப்போம். இப்படிப்பட்ட அச்சுகள் 1000 இருக்கின்றன, உங்களுடையது எது என்று தெரியாது. அப்போது அதிகபட்சம் 1000-ஆல் பெருக்க வேண்டும். நான்கு பகடை 1296 என்பதால், உங்களுக்கு நான்கு பகடை கூடக் கொடுக்கிறேன். 12-உம் 4-உம் 16, கூட ஒரு பின்னம். மூன்று சொல்லைக் கொஞ்சம் தாண்டுகிறீர்கள். ரகசியமாக வைத்திருந்த அச்சின் முழு மதிப்பும் இவ்வளவுதான்.

உண்மையில் அதுவும் கிடைக்காது, ஏனென்றால் அவர் 1000 அச்சையும் சமமாக நடத்த மாட்டார். 2009-இல் ராக்யூ நிறுவனத்தில் இருந்து 3.2 கோடிக் கணக்குகளின் பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றும் ஹேஷ் கூடச் செய்யாமல் அப்படியே எழுத்தாக வைத்திருந்தார்கள். மனிதர்கள் எப்படிப் பாஸ்வேர்டு செய்கிறார்கள் என்பதற்கு அதுவரை அவ்வளவு பெரிய மாதிரி யாரிடமும் இருந்ததில்லை. முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, `a`-வுக்கு `@` போடுவது, கடைசியில் குறியும் இரண்டு இலக்கமும் ஒட்டுவது, எல்லாம் அதில் கொட்டிக் கிடந்தது. உடைக்கும் மென்பொருளில் இவை விதிக் கோப்புகளாகவே இருக்கின்றன. பட்டியலில் இருந்து ஒரு சொல்லை எடுத்து, விதிகளை வரிசையாக அதன் மேல் ஓட்டும். அதிகம் பேர் செய்வது முதலில், அரிதானது பிறகு. உங்கள் அச்சு அந்த வரிசையில் முன்பக்கம் நிற்கிறது.

பலம் காட்டும் பட்டை பச்சையாகப் போனதற்கும் காரணம் இதுதான். பல பட்டைகள் எத்தனை வகை எழுத்து, எத்தனை இடம் என்று மட்டும் பார்க்கின்றன. zxcvbn போன்ற சில, சொல்லையும் மாற்றெழுத்தையும் அடையாளம் கண்டு எண்ணும். அவை உங்களுடையதை இவ்வளவு மெச்சியிருக்காது.

மழைப்பாடல்

எனக்கு இந்தக் கோடிக் கணக்கு எதற்கு என்றே புரியவில்லை. ஐந்து முறை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்கிறது. பிறகு யார் உட்கார்ந்து 409 கோடி முறை அடிக்கப் போகிறார்கள்? ஐந்து முறையில் `M0unt@in#47` கிடைத்துவிடுமா? நான் போன வாரம் என் கணக்கையே பூட்டிக்கொண்டு, திறக்க அரை நாள் அலைந்தேன். இதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள், அதுதான் எனக்கு உபயோகம்.

எட்டுகால்

பூட்டு, உள்நுழையும் பக்கத்தில் வந்து அடிப்பவரைத்தான் நிறுத்தும். அங்கே நீங்கள் சொல்வது சரி, ஐந்து முறையில் கிடைக்காது. இந்த இழையில் பேசுவது, சர்வரில் இருந்த ஹேஷ் பட்டியலே திருடு போன பிறகு நடப்பதை. பட்டியல் அவர் கையில், அவருடைய இயந்திரத்தில் இருக்கிறது. அவர் ஒரு சொல்லை எடுத்து ஹேஷ் செய்கிறார், பட்டியலில் இருப்பதோடு ஒப்பிடுகிறார். இல்லையா, அடுத்த சொல். உள்நுழையும் பக்கத்தைத் தொடுவதே இல்லை, பூட்ட ஆளும் இல்லை.

உங்கள் பூட்டுப் பிரச்சினைக்குத் தனி இழை போடுங்கள், உதவுகிறேன்.

செந்தாழை

அப்படி வீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் ஒரு வினாடிக்கு எத்தனை முயற்சி போகும்?

நிழல்மரம்

எந்த ஹேஷ் என்பதைப் பொறுத்தது, வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

2012 டிசம்பரில் ஜெரமி கோஸ்னி என்ற பாதுகாப்பு வல்லுநர் 25 கிராஃபிக்ஸ் சில்லுகளைக் கோத்த ஒரு தொகுதியை ஒரு மாநாட்டில் காட்டினார். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎல்எம் ஹேஷுக்கு அது வினாடிக்கு 35,000 கோடி முயற்சி போட்டது. அதே இயந்திரம் `bcrypt` ஹேஷுக்கு 71,000 முயற்சிதான் போட்டது, அதுவும் வேலைச்சுமையைக் குறைவாக வைத்தபோது. பழைய இயந்திரம்தான், இன்று ஒன்றிரண்டு கார்டே என்டிஎல்எம்மில் அந்த வேகத்தைத் தொடும். ஆனாலும் கணக்குக்கு வசதியான அளவு.

வேகமான ஹேஷ் என்றால் உங்கள் 409.6 கோடி ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில் முடிந்துவிடும். நான்கு சொல், அதாவது 36.6 கோடி கோடி, முழுதும் தேட 10,450 வினாடி. மூன்று மணி நேரம் கூட இல்லை. ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அது 7776 மடங்காகி இரண்டரை வருடம். ஆறாவது சொல்லோடு 20,000 வருடம். சராசரியாகப் பாதி தேடலிலேயே கிடைத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

`bcrypt` என்றால் கதையே வேறு. உங்களுடையது 16 மணி நேரம், நான்கு சொல் 1600 வருடம்.

ஆகவே நான்கு சொல் போதுமா என்பதற்கு ஒற்றை விடை இல்லை. எதிரில் இருக்கும் தளம் எந்த ஹேஷ் வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. நான் ஆறு சொல் வைப்பது அதனால்தான்.

எட்டுகால்

இங்கே ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். "நீண்ட தொடர், குட்டைச் சிக்கலை வெல்லும்" என்று பொதுவாகச் சொல்வதே தவறான படத்தைத் தருகிறது. நிஜமாகவே குலுக்கி எடுத்த 8 எழுத்து, `q}V7m+Xe` மாதிரி, 95-ஐ எட்டு முறை பெருக்கினால் 66.3 கோடி கோடி. நான்கு சொல்லின் 36.6 கோடி கோடியை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. குட்டைதான் அங்கே வெல்கிறது! பாஸ்வேர்டு மேனேஜருக்குள் வைக்கப் போகிற நூறு பாஸ்வேர்டுக்கு யாருக்கும் சொல் தேவையில்லை, 16 இடம், 20 இடம் என்று இயந்திரமே குலுக்கட்டும். சொல் தேவைப்படுவது தலைக்குள் வைக்க வேண்டிய இரண்டு மூன்றுக்குத்தான்.

அப்புறம் ஐந்து சொல் போதும் என்பது என் கட்சி. மேனேஜரின் முதன்மைப் பாஸ்வேர்டு வேண்டுமென்றே மெதுவாக்கிய முறையில்தான் கணக்கிடப்படுகிறது. ஆறாவது சொல்லைச் சேர்த்தால் மக்கள் அதைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டுவார்கள்.

பகடை கையில் இல்லாதவர்கள் ஈஎஃப்எஃப் அமைப்பு 2016-இல் வெளியிட்ட பட்டியலை இறக்கி இப்படி எடுக்கலாம்:

```
shuf -r -n 5 --random-source=/dev/urandom eff_large_wordlist.txt | cut -f2
```

`-r` இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை வராது. பெரிய நஷ்டமில்லை, ஆனால் 7776-இன் அடுக்கு சரியாக நிற்க அது இருக்கட்டும்.

நிழல்மரம்

எட்டு எழுத்து விஷயத்தில் எட்டுகால் சொன்னது முழுக்கச் சரி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். `q}V7m+Xe` 20 பகடைக்கு மேல், 21-க்குக் கீழ். நீளத்துக்கும் குட்டைக்கும் போட்டியே இல்லை. தலைக்குள் வைக்க முடிகிற ஒன்றைக் குலுக்கலுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா என்பதுதான் போட்டி. எட்டு எழுத்தைக் குலுக்கிக் கையில் கொடுத்தால், மனப்பாடம் ஆகாமல் நாமே ஒன்றைச் செய்துகொள்வோம், உடனே 12 பகடைக்கு விழுந்துவிடுவோம்.

ஐந்தா ஆறா என்பதில் நான் இன்னும் ஆறுதான். தாளில் எழுதுவது பற்றியும் எனக்குப் பயமில்லை. முதல் இரண்டு வாரம் பர்ஸில் வைத்திருந்துவிட்டுக் கிழித்துப் போடலாம்.

எட்டுகால்

அது உங்கள் பர்ஸ். நான் பார்த்துக்கொள்வது 60 பேருடைய கணக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் முன்பு இருந்த அலுவலகத்தில் 90 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும், பெரிய எழுத்து, எண், குறி கட்டாயம், அதிகபட்சம் 12 இடம். ஒரு முறை ஒருவர் உதவி கேட்டு என் எதிரிலேயே அடித்தார். `#47` போய் `#48` ஆனது. மூன்று மாதம் கழித்து `#49` ஆகும் என்று அவரே சொன்னார். அவரைக் குறை சொல்லவே முடியாது. 12 இடத்துக்குள் இரண்டு சொல்லைத் தாண்டி வைக்கவே வழியில்லை.

இந்த விதிகளுக்கு மூலம் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி. அதன் பிற்சேர்க்கையை எழுதிய பில் பர், 2017-இல் ஒரு பேட்டியில் தாம் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகச் சொன்னார். அதே 2017-இல் வந்த புதிய வழிகாட்டி, எழுத்து வகைக் கட்டாயமும் காலக்கெடு மாற்றமும் வேண்டாம் என்றது. 64 இடம் வரையாவது ஏற்க வேண்டும், கசிந்த பட்டியலில் இருப்பதை மறுக்க வேண்டும் என்றும் சொன்னது. இன்னும் எத்தனை இடத்தில் பழைய விதியே ஓடுகிறது பாருங்கள். எரிச்சலாக வருகிறது.

கணக்குப்புலி

சரி, 26-இன் அடுக்கு தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். சொற்கள் பட்டியலில் இருந்து வரும்போது சொல்லைத்தான் எண்ண வேண்டும்.

ஆனால் என் செய்யுள் அடி? அதில் ஏழு சீர். அப்படியானால் ஏழு சொல்தானே, 35 பகடை?

நிழல்மரம்

அந்த ஏழு சீரையும் நீங்கள் குலுக்கி எடுக்கவில்லையே. ஒரே ஒரு தேர்வுதான் நடந்தது: எந்த அடி என்பது. எழுத்தில் கிடைக்கிற செய்யுள் அடிகள், பாட்டு வரிகள், பழமொழிகள் எல்லாம் சேர்த்து ஒரு கோடி என்று வைப்போம். ஒரு கோடி என்பது கிட்டத்தட்ட ஒன்பது பகடை. ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது `zh` போடுவீர்களா `l` போடுவீர்களா, நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பீர்களா என்ற வேறுபாடுகளுக்கு 200 வழி சேர்த்தால் இன்னொரு மூன்று பகடை. மொத்தம் 12. நீங்களும் செந்தாழையும் ஒரே படியில்தான் நிற்கிறீர்கள்.

கணக்குப்புலி

மனம் ஒப்பவில்லை, ஆனாலும் கணக்கு கணக்குதான்.

பகடையே போடுகிறேன். நன்றாக வரவில்லை என்றால் திரும்பப் போடலாம்தானே? பத்துத் தொடர் எடுத்து, மனதில் நிற்பதை வைத்துக்கொள்கிறேன்.

நிழல்மரம்

போடலாம், விலை உண்டு. பத்தில் ஒன்றை நீங்கள் பிடித்துத் தேர்ந்தெடுத்தால், மிக மோசமான நிலையில் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகும். ஒன்றேகால் பகடை போனது. ஆறு சொல்லில் 30 பகடை இருக்கும்போது அது தாங்கும். கூடாதது வேறு: ஒரே தொடருக்குள் இரண்டாவது சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, வாக்கியமாக வாசிக்க வசதியான சொல்லை நீங்களே வைப்பது. அந்த இடத்தில் எத்தனை பகடை மிஞ்சியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊர்க்குருவி

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கதையையும் பாருங்கள். நான் தமிழிலேயே ஒரு பட்டியல் செய்து வைத்திருக்கிறேன். 1296 சொல், சொல்லுக்கு நான்கு பகடை. ஐந்து சொல் எடுத்தேன், 20 பகடை. தமிழ் எழுத்திலேயே அடிக்கிறேன். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

```
கண்ணாடி ஊஞ்சல் புத்தகம் விளக்கு கதவு
```

நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னத் தளத்தில்தான் இது. நானேதான் அங்கே `bcrypt` வைத்தேன். நான்கு சொல்லே 1600 வருடம் என்றால் எனக்கும் அவ்வளவுதானே?

எட்டுகால்

நில்லுங்கள். `bcrypt` முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும். தமிழ் எழுத்து யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். மெய்யின் புள்ளிக்கும் மூன்று, துணைக்காலுக்கும் மூன்று.

எண்ணிப் பார்க்கிறேன். கண்ணாடி: க, ண, புள்ளி, ண, துணைக்கால், ட, இகரக் குறி, ஆக ஏழு, 21 பைட். இடைவெளி 1. ஊஞ்சல் ஆறு, 18 பைட். இடைவெளி 1. புத்தகம் எட்டு, 24 பைட். இடைவெளி 1. இதுவரை 66. மிச்சம் ஆறு பைட்தான். விளக்கு என்பதில் `வி` மட்டும் உள்ளே போகும். `ளக்கு` போகாது, `கதவு` போகவே போகாது.

ஊர்க்குருவி

அப்படியானால் என்னிடம் இருப்பது மூன்று சொல்லும் ஒரு `வி`-யுமா?

நிழல்மரம்

ஆமாம். மூன்று சொல்லுக்கு 12 பகடை. `வி`-க்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பகடை. பட்டியல் 1296 என்பதால் சொல்லுக்கு நான்குதான் கிடைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சோதிப்பது எளிது. உங்கள் கணக்கில் உள்நுழையும்போது கடைசிச் சொல்லை வேண்டுமென்றே மாற்றி அடியுங்கள். உள்ளே விட்டால் வெட்டுகிறது என்று பொருள். சில லைப்ரரிகள் 72-ஐத் தாண்டினால் பிழை காட்டி நிறுத்திவிடும், அது நல்லது. பேசாமல் வெட்டுவதுதான் ஆபத்து.

ஊர்க்குருவி

செய்துவிட்டேன். `கதவு` இருந்த இடத்தில் `மரம்` அடித்தேன். உள்ளே விட்டது. பிறகு அந்தச் சொல்லையே விட்டுவிட்டு அடித்தேன், அதற்கும் விட்டது. `புத்தகம்` என்பதை மாற்றியபோதுதான் மறுத்தது. கை நடுங்கிவிட்டது, மற்றவர்களுடைய கணக்கும் அங்கேதான் இருக்கிறது.

எட்டுகால்

ஆர்கான்2 ஹேஷுக்கு மாறுங்கள். `argon2id`-இல் இந்த வரம்பு இல்லை. பழைய ஹேஷை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒவ்வொருவரும் அடுத்த முறை உள்ளே வரும்போது, அவர்கள் அடித்ததைப் பழைய ஹேஷோடு சரிபார்த்துவிட்டு அங்கேயே புதியதை எழுதி வையுங்கள். ஆனால் ஒன்று, அப்போது அவர்கள் கடைசிச் சொல்லைத் தப்பாக அடித்திருந்தாலும் பழைய ஹேஷ் ஏற்றுக்கொள்ளும், தப்பான தொடர் புதிய ஹேஷாகிவிடும். அதனால் 72-ஐத் தாண்டியவர்களிடம் மட்டும் இரண்டு முறை அடிக்கச் சொல்லுங்கள்.

நிழல்மரம்

அதோடு ஹேஷ் செய்வதற்கு முன் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறீர்களா என்றும் பாருங்கள். `கொ` என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரு விசைப்பலகை `U+0BCA` என்ற ஒற்றைக் குறியாக அனுப்பும், இன்னொன்று `U+0BC6`, `U+0BBE` என்று இரண்டாக அனுப்பலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டில் வேறு வேறு. உங்கள் பட்டியலில் தோட்டம், கொக்கு மாதிரிச் சொல் இருந்தால், கணினியில் ஏற்றுக்கொண்டதைக் கைபேசி மறுக்கும்.

ஊர்க்குருவி

அது ஒரு முறை நடந்திருக்கிறது! நான்தான் தப்பாக அடித்தேன் என்று நினைத்துப் பாஸ்வேர்டையே மாற்றினேன்.

அப்படியானால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பதே நல்லதா? ஆனால் எனக்குப் பழம் ஒரு நாள் `pazham`, இன்னொரு நாள் `palam`.

எட்டுகால்

பட்டியலிலேயே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு ஆங்கில எழுத்து வடிவத்தை எழுதி நிலைநிறுத்திவிடுங்கள். நான் அதைத்தான் செய்வேன்.

நிழல்மரம்

எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. மனதில் நிற்பது சொல்தான், எழுத்துக்கூட்டல் அல்ல. மூன்று மாதம் தொடாமல் இருந்துவிட்டு வந்தால் எந்த வடிவம் என்று நினைவு வராது. ழ, ள, ண வருகிற சொற்களையே பட்டியலில் இருந்து நீக்கிவிடலாம் என்று யோசிக்கிறேன். 1296-க்குக் குறையாமல் தேறுமா என்று பார்க்க வேண்டும்.

செந்தாழை

நான் பகடையை எடுத்துவிட்டேன். ஆறு சொல், 30 முறை உருட்டினேன். நான்காவது சொல் எனக்குப் பிடிக்கவே இல்லை, மாற்றவில்லை. இன்றைக்கு ஏழு முறை அடித்துப் பார்த்ததில் ஐந்தாவது முறையில் இருந்து தாளைப் பார்க்கவில்லை.

ஊர்க்குருவி, பட்டியலில் ழ, ள, ண நீக்கினால் எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். குறைந்தால் சேர்க்க நானும் சொற்கள் தருகிறேன்.